ஆர்டர் கலையாமல் சரக்கு எண்ணுவது: குடோன் கணக்கெடுப்பும் வித்தியாசப் பதிவும்

மதுரை தெற்கு வெளி வீதியில் குழாய்ச் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் கடை ஒன்றின் இருப்புக் கணக்கைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். கடை நகருக்குள்ளும் குடோன் கப்பலூர்ப் பக்கமும் இருக்கின்றன. இருப்புக் கணக்கு வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் சரக்கை எண்ணுவதில் பெரும்பாலும் தவறு செய்வதில்லை. எந்தச் சரக்கை எண்ண வேண்டும், எண்ணியதைக் கணக்கின் எந்த எண்ணோடு ஒப்பிட வேண்டும் என்கிற இடத்தில்தான் அவர்களுடைய கால் வழுக்குகிறது. குறிப்பாக, பார்ட்டிகளின் ஆர்டர்கள் பாதி கட்டியும் பாதி கட்டாமலும் நிற்கும் நாளில் எண்ண நேர்ந்தால், சரியாக எண்ணியவர்கூடத் தவறான வித்தியாசத்தைப் பதிந்துவிட முடியும். அந்த ஒரு சிக்கலை மட்டும் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

மென்பொருளில் ஒரு சாமானின் பெயரைத் தட்டினால் பெரும்பாலும் மூன்று எண்கள் கிடைக்கும். முதலாவது கையிருப்பு, அதாவது கணக்கின்படி குடோனில் இருக்க வேண்டிய மொத்தம். இரண்டாவது, ஆர்டர் எடுத்து இன்னும் அனுப்பாத அளவு. மூன்றாவது, கையிருப்பிலிருந்து அந்த ஆர்டர் அளவைக் கழித்தால் மிஞ்சுவது. புதிதாகக் கேட்கும் பார்ட்டிக்குத் தரக்கூடியது அதுதான். எண்ணி வந்த தொகையைக் கையிருப்போடு மட்டுமே ஒப்பிட வேண்டும். ஆர்டர் என்பது ஒரு வாக்குறுதி. அதனால் சரக்கு குடோனை விட்டு நகர்வதில்லை, கையிருப்பும் குறைவதில்லை. டெலிவரி நோட் அல்லது பில் போட்ட பிறகுதான் கணக்கில் சரக்கு குறையும்.

ஓர் உண்மையான தாளை வைத்துப் பார்ப்பதே சுலபம். ஒரு அங்குல பால் வால்வு, ஒரு பெட்டிக்கு 12 உருப்படி. சனிக்கிழமை இரவு கடை மூடும்போது கணக்கில் கையிருப்பு 500. மேலூர் ஒப்பந்தக்காரர் ஒருவருக்கு 120, உசிலம்பட்டிக் கடை ஒன்றுக்கு 200 என்று இரண்டு ஆர்டர்கள் நிலுவையில் இருந்தன. ஆகவே ஆர்டர் அளவு 320, மிச்சம் 180.

ஞாயிற்றுக்கிழமை குடோனுக்குப் போனால் அந்த வால்வு ஐந்து நிலைகளில் கிடந்தது. ரேக்கில் 342 இருந்தது. வாசலருகே மேலூர் ஆர்டருக்கான 120 கட்டி வைக்கப்பட்டிருந்தது. அதற்கு இன்னும் பில் போடவில்லை. திருமங்கலம் பார்ட்டிக்குச் சனிக்கிழமையே பில் போட்டாயிற்று, திங்கள் காலையில் அவர் வண்டி கொண்டுவந்து எடுத்துக்கொள்வார் என்ற நிலையில் 30 ஒரு மூலையில் கிடந்தது. சனிக்கிழமை இரவு கோயம்புத்தூரிலிருந்து லாரியில் இறங்கிய 240, அதாவது 20 பெட்டி, உள்வரவு போடாமல் அடுக்கியிருந்தது. ஐந்தாவது நிலை கண்ணுக்குத் தெரியாதது: சோழவந்தானுக்கு அவசரம் என்று சனிக்கிழமை மாலை துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பிய 24. அது குடோனில் இல்லை, கணக்கிலும் இன்னும் குறையவில்லை.

இப்போது ஒரு புதியவர் இதை எப்படியெல்லாம் தவறாகப் பதியலாம் என்று பாருங்கள். ரேக்கை மட்டும் எண்ணி 342 என்று எழுதி 500-உடன் ஒப்பிட்டால் 158 குறைவு என்று வரும். கண்ணில் பட்டதையெல்லாம் கூட்டினால் 732 ஆகி, 232 அதிகம் என்று வரும். திரையில் முன்னால் தெரியும் மிச்சமான 180-ஐக் கையிருப்பு என்று நினைத்துக்கொண்டு ரேக்கில் உள்ள 342-ஐ ஒப்பிட்டால் 162 அதிகம் என்று வரும். ஒரே குடோனில் ஒரே நாளில் மூன்று வித்தியாசங்கள். மூவரும் சரியாகத்தான் எண்ணியிருக்கிறார்கள். உண்மையான வித்தியாசம் என்ன என்பது கடைசியில்தான் தெரியும்.

முதல் வேலை, எண்ணுவதற்கு முன்பே கோடு போடுவது

கணக்கெடுப்பு எந்த நேரத்து இருப்பைக் காட்டுகிறது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். எங்கள் கடைக்கு ஞாயிறு விடுமுறை என்பதால் சனிக்கிழமை இரவு கடைசி பில்லோடு கோடு போடுகிறோம். அன்றைய கடைசி பில் எண், கடைசி டெலிவரி நோட் எண், கடைசி உள்வரவு எண் ஆகிய மூன்றையும் கணக்கெடுப்புத் தாளின் தலைப்பில் எழுதி, குடோன் பொறுப்பாளரும் கணக்கரும் கையெழுத்திட வேண்டும். பின்னால் எழும் தகராறுகளில் பாதிக்கும் மேல் இந்த மூன்று எண்களைப் பார்த்தாலே தீர்ந்துவிடும்.

அன்றிரவே இரண்டு அறிக்கைகளை அச்செடுத்து வைக்க வேண்டும். ஒன்று, கையிருப்புப் பட்டியல். மற்றொன்று, நிலுவை ஆர்டர்களின் பட்டியல். பார்ட்டி, ஆர்டர் எண், சாமான், பாக்கி அளவு ஆகியவை அதில் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது பட்டியலைப் பலர் எடுப்பதே இல்லை. ஆர்டர் கலைந்ததா இல்லையா என்பதற்கு அதைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

எந்த நாளில் வைப்பது என்பது அவரவர் வியாபாரத்தைப் பொறுத்தது. மார்ச் 31-ஐ ஒட்டிய கணக்கெடுப்பை ஆடிட்டர் எப்படியும் கேட்பார். அதற்கு மேல் நாங்கள் காலாண்டுக்கு ஒருமுறை முழுதாகவும், வால்வு போன்ற வேகமாக ஓடும் சாமான்களை மாதம் ஒருமுறையும் எண்ணுகிறோம். சித்திரைத் திருவிழா வாரத்தில் மட்டும் வைக்காதீர்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் குடோனில் லோடுமேன் ஒருவரும் இருக்க மாட்டார், பெட்டியை நீங்களேதான் இறக்க வேண்டியிருக்கும்.

எண்ணாத சரக்கை முதலில் ஒதுக்குவது

எண்ணத் தொடங்குமுன் குடோனை ஒரு சுற்று நடந்து, எண்ணக்கூடாதவற்றைச் சாக்பீஸ் கோடு போட்டுப் பிரித்து, மேலே தாள் ஒட்டிவிட வேண்டும். திருமங்கலம் பார்ட்டியின் 30 அப்படி ஒதுக்க வேண்டியது. பில் போட்டபோதே கணக்கில் அது குறைந்துவிட்டது. இடத்தில் இருந்தாலும் அது நம்முடைய சரக்கு இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து வந்த 240-க்கு இரண்டு வழிகள் உண்டு. கோடு போடுவதற்கு முன்பே உள்வரவு போட்டுவிட்டு அதையும் எண்ணலாம். அல்லது உள்வரவு போடாமல், எண்ணாமல், அப்படியே விட்டுத் திங்கட்கிழமை நம் கொள்முதல் ஆர்டர் எண்ணைக் காட்டி வரவு வைக்கலாம். எது வேண்டுமானாலும் செய்யுங்கள். எண்ணிவிட்டு வரவு வைக்காமலும், வரவு வைத்துவிட்டு எண்ணாமலும் மட்டும் இருக்கக்கூடாது. நாங்கள் அன்று இரண்டாவது வழியில் போனோம்.

மேலூருக்குக் கட்டிய 120-ஐ எண்ணியே ஆக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், வேறொரு கடையில், சறுக்கியது இந்த இடத்தில்தான். கட்டி வைத்த மூட்டைகளைப் பார்த்து, "அண்ணே, அது பார்ட்டிக்குக் கட்டுனது, எண்ண வேணாம்" என்று குடோன் தம்பி சொன்னார். நானும் விட்டுவிட்டேன். குறைவு என்று பதிந்ததில் கையிருப்பு இறங்கியது. மறுநாள் அந்த மூட்டைகளுக்குப் பில் போட்டபோது இரண்டாவது முறையாக இறங்கியது. இரண்டு வாரம் கழித்து ரேக் நிறையச் சரக்கு இருக்க, கணக்கு காலி என்று காட்டியது. அதை நம்பி முதலாளி புதிதாகக் கொள்முதல் ஆர்டரும் கொடுத்துவிட்டார். கட்டியிருக்கிறதா என்பது இங்கே கேள்வியே இல்லை. பில்லோ டெலிவரி நோட்டோ ஆகிவிட்டதா என்று மட்டும் கேளுங்கள்.

சோழவந்தானுக்குப் போன 24-ஐ எண்ணும் பெட்டிகளில் தேட முடியாது, சீட்டுகளில்தான் தேட வேண்டும். காவலாளியின் வெளிச்செல்லும் புத்தகம், லாரி புக்கிங் ரசீதுகள், குடோன் மேசை இழுப்பறையில் கிடக்கும் துண்டுச் சீட்டுகள் ஆகியவற்றை டெலிவரி நோட்டுகளோடு ஒப்பிட்டால் பதிவாகாமல் போன சரக்கு வெளியே வரும். இதை எண்ணுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். சனிக்கிழமைத் தேதியில் டெலிவரி நோட் போட்டால் கையிருப்பு 476 ஆகிவிடும். பிறகு பில் போடும்போது அந்த டெலிவரி நோட்டின் எண்ணைக் கட்டாயம் இணைக்க வேண்டும். இணைக்காவிட்டால் அதே 24 மறுபடியும் குறையும். சரக்கு கிளம்பும்போதே பில் கூடப் போயிருக்க வேண்டும் என்பது வேறு வழக்கு, அதை ஆடிட்டரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

எண்ணுவது

எண்ணுகிறவர் கையில் கொடுக்கும் தாளில் கணக்கு அளவு இருக்கக்கூடாது. 476 என்று தாளில் இருந்தால், 470 எண்ணியவருக்கு மீதி ஆறும் எங்கேயோ இருப்பதாகவே தோன்றும். சாமான் பெயர், அளவு, ரேக் எண், வெற்றுக் கட்டம் ஆகியவை போதும். ஒருவர் எண்ண, மற்றவர் எழுத வேண்டும். எண்ணி முடித்த ஒவ்வொரு அடுக்கிலும் தேதியிட்ட சீட்டை ஒட்ட வேண்டும். பெட்டியை 12 என்று கணக்கிடலாம், ஆனால் டேப்பைப் பாருங்கள். கம்பெனி டேப் இல்லாமல் கடையில் வாங்கிய பழுப்பு டேப் ஒட்டியிருந்தால் அது யாரோ பிரித்து மறுபடி மூடிய பெட்டி, திறந்து எண்ண வேண்டும்.

எங்கள் தாளில் ரேக்கில் 342, கட்டியது 120, ஆக 462 என்று வந்தது. 476-இலிருந்து 14 குறைவு. இதை உடனே பதியவில்லை. ஒரு பெட்டி அளவையோ 500 ரூபாயையோ தாண்டும் எந்த வித்தியாசத்தையும் வேறு இருவர் மறுபடி எண்ண வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மறுபடி எண்ணப் போகும் முன் பக்கத்துச் சாமான்களின் வித்தியாசத்தையும் பார்க்க வேண்டும். முக்கால் அங்குல வால்வில் 12 அதிகம் என்று வந்திருந்தது. ஒன்றில் 14 குறைவு, பக்கத்தில் 12 அதிகம் என்று வந்தால், பெட்டி இடம் மாறியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். போய்ப் பார்த்தபோது முக்கால் அங்குல ரேக்கில், பின்வரிசையில், ஒரு அங்குலப் பெட்டி ஒன்று இருந்தது. பெட்டியின் அட்டை ஒரே நிறம், அளவு பக்கவாட்டில் சிறிய எழுத்தில் அச்சாகியிருந்தது. அதை இடம் மாற்றியதும் முக்கால் அங்குலம் சரியாயிற்று, ஒரு அங்குலம் 474 ஆயிற்று. எஞ்சிய உண்மையான வித்தியாசம் வெறும் 2.

அந்த இரண்டுக்கும் காரணம் கிடைக்கவில்லை. மாதிரி காட்ட எடுத்துப்போனதாக இருக்கலாம். காரணம் தெரியாதபோது தெரியவில்லை என்றே தாளில் எழுதுங்கள். உடைந்தது என்று கதை எழுதினால் அடுத்த காலாண்டில் உண்மையான உடைப்பையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

பதிவது

டேலி பிரைம் பயன்படுத்துகிறவர்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. `Ctrl+F7` அழுத்தித் திறக்கும் `Physical Stock` வவுச்சரில் எண்ணி வந்த மொத்தத்தை எழுதினால், அந்தத் தேதியில் கையிருப்பு அதுவாகவே ஆகிவிடும். `Alt+F7` அழுத்தித் திறக்கும் `Stock Journal` வவுச்சரில் வித்தியாசத்தை மட்டும் எழுத வேண்டும். குறைவை `Source (Consumption)` பக்கத்திலும், அதிகமானதை `Destination (Production)` பக்கத்திலும் எழுத வேண்டும்.

நான் இரண்டாவதைத்தான் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் வழியில் மொத்தத்தை எழுதும்போது, இரண்டு குறைந்தது என்ற செய்தி அந்த வவுச்சரில் எழுதப்படுவதில்லை. பின்னால் யாராவது கோட்டுக்கு முந்தைய தேதியில் தவறான பில் ஒன்றைப் போட்டாலும், அந்த வவுச்சர் சத்தமில்லாமல் அதை விழுங்கிக்கொண்டு அதே 474-ஐக் காட்டும். அத்துடன் தேதியை மறந்துவிட்டால் பெரிய ஆபத்து. ஞாயிறு எண்ணியதைச் செவ்வாய்க்கிழமைத் தேதியில் 474 என்று பதிந்தால், திங்கட்கிழமை பில் போட்டு அனுப்பிய மேலூரின் 120 திரும்பி வந்ததுபோலவும், அன்றே வரவு வைத்த 240 வராததுபோலவும் கணக்கு மாறிவிடும். வித்தியாசமாகிய 2 மட்டும் பதிந்தால், தேதி ஓரிரு நாள் தள்ளிப்போனாலும் கையிருப்பு கெடாது. இந்த ஒரு வரியை மட்டும் மனத்தில் வையுங்கள்:

```
வித்தியாசம் = எண்ணிய அளவு - கோடு போட்ட நேரத்துக் கையிருப்பு
        -2 = 474 - 476
```

தேதியாகக் கணக்கெடுப்பு நாளையே போட்டு, குறிப்பில் தாள் எண்ணையும் மறுபடி எண்ணியவர்களின் பெயரையும் எழுதிவிட வேண்டும். அதிகமாக வந்த சரக்காக இருந்தால் விலைக் கட்டத்தைக் காலியாக விடாமல் கடைசிக் கொள்முதல் விலையை எழுதுங்கள்.

ஸ்டாக் ஜர்னல் ஆர்டர் எண்ணைக் கேட்பதே இல்லை என்பதால் அது எந்த ஆர்டரையும் தொடாது. ஆர்டர் கலைவதெல்லாம் குறுக்கு வழிகளால்தான். குறைவைச் சரிக்கட்ட யாருக்கோ பில் போட்டதாக எழுதி, அதில் நிலுவை ஆர்டர் எண்ணைத் தெரிந்தோ தெரியாமலோ தேர்ந்தெடுத்துவிட்டால், அனுப்பாத ஆர்டர் முடிந்துவிட்டதாகப் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். கையிருப்புக்குப் பொருந்தட்டும் என்று ஆர்டரின் அளவையே குறைத்துவிடுகிறவர்களும் உண்டு. ஆண்டுத் தொடக்க இருப்பைத் திருத்துவது இவற்றிலும் மோசம், போன ஆண்டின் முடிந்த கணக்கோடு அது ஒருபோதும் ஒத்துப்போகாது.

பதிந்ததும் நிலுவை ஆர்டர் பட்டியலை மறுபடி அச்செடுத்து, சனிக்கிழமைப் பட்டியலின் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். மேலூர் 120, உசிலம்பட்டி 200 என்று உருப்படி பிசகாமல் இருக்க வேண்டும். எங்களுக்குக் கையிருப்பு 500-இலிருந்து 474 ஆயிற்று, மிச்சம் 180-இலிருந்து 154 ஆயிற்று. இரண்டும் அதே 26 குறைந்திருக்கின்றன; 24 சோழவந்தான், 2 வித்தியாசம். இரண்டும் ஒரே அளவு குறையாமல் இருந்தால் எங்கேயோ ஆர்டரைத் தொட்டுவிட்டீர்கள் என்று பொருள். திங்கட்கிழமை, கோயம்புத்தூர் 240-ஐ வரவு வைக்கும் முன், மேலூர் பில்லை அந்த ஆர்டர் எண்ணிலேயே போட்டபோது கையிருப்பு 354, ஆர்டர் 200, மிச்சம் அதே 154. ஆர்டருக்குப் பில் போடும்போது மிச்சம் அசையவில்லை என்றால் கணக்கு சரி.

உண்மையிலேயே ஆர்டருக்குப் போதாமல் போனால்

சில சமயம் வித்தியாசம் ஆர்டரிலேயே இடிக்கும். அதே நாளில் டேங்க் கனெக்டர் கணக்கில் 90 இருந்தது. இரண்டு முறை எண்ணியும் 64-தான். நிலுவையில் 50-க்கு ஒரு பழைய ஆர்டரும் 30-க்கு ஒரு புதிய ஆர்டரும் இருந்தன. இங்கே 26-ஐயும் முழுதாகக் குறைவாகப் பதிய வேண்டும். ஆர்டர் இருக்கிறதே என்று 10 மட்டும் பதிந்து 80-இல் நிறுத்தக்கூடாது. பதிந்ததும் மிச்சம் கழித்தல் 16 என்று காட்டும். அந்தக் கழித்தல் குறி பிழையல்ல. 16 வாங்கியாக வேண்டும் என்று அது சொல்கிறது.

சில மென்பொருள்கள் ஆர்டருக்கென ஒதுக்கிய அளவுக்குக் கீழே கையிருப்பை இறக்க அனுமதிக்காது. அப்போது கடைசியாக வந்த ஆர்டரின் ஒதுக்கீட்டை மட்டும் விடுவித்து, வித்தியாசத்தைப் பதிந்து, இருக்கும் அளவுக்கு மறுபடி ஒதுக்க வேண்டும். ஒதுக்கீட்டை விடுவிப்பது வேறு, ஆர்டரை ரத்து செய்வது வேறு. ஆர்டர் எண், விலை, வாக்களித்த தேதி எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். எங்கள் கதையில் பழைய ஆர்டருக்கு 50 முழுதும், புதியவருக்கு 14-ம் ஒதுக்கினோம். மீதி 16 புதன்கிழமை வரும் என்று அவரிடம் திங்கள் காலையிலேயே போனில் சொல்லிவிட்டோம். "சொல்லிட்டீகள்ல, அது போதும்ணே" என்றார்.

வரி விஷயத்தில் ஒன்றை விட முடியாது. காணாமல் போன சரக்குக்கும் கணக்கிலிருந்து நீக்கிய சரக்குக்கும் உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்று மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் 2017-இன் பிரிவு 17(5)(h) சொல்கிறது. வால்வின் கொள்முதல் விலை 180 ரூபாய் என்றால் இரண்டுக்கு 360. 18 சதவீத வரியான 64 ரூபாய் 80 காசை அந்த மாத `GSTR-3B`-இல் திருப்ப வேண்டும். தொகை சிறியதுதான், ஆனால் டேங்க் கனெக்டரின் 26 போன்றவையும் சேரும்போது ஆடிட்டர் கேட்பார். எனவே குறைவுகளை ஒரு தாளில் விலையோடு தொகுத்து அவரிடம் கொடுத்துவிடுங்கள். குறைவையும் அதிகத்தையும் கழித்து நிகரத் தொகையாகக் கொடுக்காதீர்கள். வரி திருப்ப வேண்டியது குறைந்த சரக்குக்கு.

கணக்கெடுப்புத் தாள்கள், துண்டுச் சீட்டுகள், முன்னும் பின்னும் எடுத்த இரண்டு ஆர்டர் பட்டியல்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் கட்டி வைக்க வேண்டும். ஜி.எஸ்.டி. கணக்குகளை அந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் பாதுகாக்க வேண்டும் என்பதால், நாங்கள் கோப்பின் முதுகில் எடுத்துப்போட வேண்டிய ஆண்டையும் மாதத்தையும் அன்றே எழுதிவிடுகிறோம்.